தங்கையின் பயோடேட்டாவை ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டும்

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். தங்கையின் பயோடேட்டாவை நியூ ஜெர்சியில் உள்ள ஒரு குடும்பம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறது. பையன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஞாயிறுக்குள் அனுப்ப வேண்டும்.

விவரங்களை ஓரளவு சரிசெய்துவிட்டேன். 05/08 என்று போட்டால் அங்கே மே 8 என்று படிப்பார்கள், அதனால் ஆகஸ்ட் என்றே எழுதிவிட்டேன். மீன ராசியை வெறும் 'பைசீஸ்' என்றால் ஆகஸ்டில் பிறந்தவள் எப்படிப் பைசீஸ் என்று குழம்புவார்கள். 'மூன் சைன்' என்று சேர்த்தேன்.

சிக்கல் அப்பா எழுதிய ஒரு வரியில்: "அடக்கமான, குடும்பப் பாங்கான பெண்." முதலில் 'ஹோம்லி' என்று போட்டேன். அமெரிக்காவில் அதற்கு அழகில்லாதவள் என்று பொருளாம், நல்லவேளை அண்ணி சொன்னார். 'மாடஸ்ட்' என்றால் உடையைப் பற்றியது போல இருக்கிறது. 'ஃபேமிலி ஓரியன்டட்' என்றால், ஆறு வருடமாக ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்துவிடுவார்களோ? அவள் விடமாட்டாள். வரியையே எடுத்துவிடலாம் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை.

அப்பா சொல்ல வந்ததும் கெடாமல், தங்கையையும் தவறாகக் காட்டாமல், அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?