வட்டி குறைந்ததும் வெளியிட்டவரே முடித்துவிடும் பத்திரம்: என்ன சொல்லலாம்?

கயல்:
வணக்கம். முதலீட்டாளர் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 'காலபிள் பாண்டு' என்பதை ஒருவர் 'அழைப்புப் பத்திரம்' என்று எழுதியிருக்கிறார். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'முன்மீட்புப் பத்திரம்' சரிவருமா? அதில் வரும் மறுமுதலீட்டு இடரையும் விளக்க வேண்டும்.

இளங்கோ:
நல்ல சொல். அரசின் தங்கப் பத்திரத்தையும் 5 ஆண்டு கழித்து முன்கூட்டியே பணமாக்கலாமே, அதுவும் இதுதான். நான் அப்படி எடுத்தேன், லாபம்தான். இதில் இடர் எங்கே வருகிறது?

சுந்தரம்:
தம்பி, அங்கே முடிவெடுத்தது நீங்கள். இங்கே கடன் வாங்கியவர் முடிவெடுக்கிறார். 2011இல் பாரத ஸ்டேட் வங்கி 15 ஆண்டுக்கு 9.95% வட்டியில் பொதுமக்களுக்குப் பத்திரம் வெளியிட்டது. 10 ஆண்டு முடிந்ததும் திருப்பித் தரும் உரிமை வங்கிக்கு. 2021இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 4%இல் இருந்தபோது அந்த உரிமையைப் பயன்படுத்தியது. 10 லட்சம் போட்டவருக்கு ஆண்டுக்கு 99,500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதே பணத்தை அப்போதைய 5.4% வைப்பில் போட்டால் 54,000தான். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் மீதி 5 ஆண்டு வருமானம் ஏறக்குறைய பாதியானது.

வட்டி ஏறியிருந்தால் வங்கி பேசாமல் இருந்திருக்கும். வட்டி மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. இத்தகைய பத்திரத்தைக் கடைசி 5 ஆண்டில் வங்கியின் மூலதனக் கணக்கில் ஆண்டுக்கு 20% குறைத்தே எண்ணுவார்கள். அதனால் அதைத் தொடர்வதில் வங்கிக்குப் பயன் குறைவு.

'மீட்பு' பொருத்தமான சொல். அடகு நகையை மீட்பது கடன் வாங்கியவர்தானே. ஆனால் இளங்கோவுக்கு வந்த குழப்பம் மற்றவர்களுக்கும் வரும். அதனால் 'வழங்குநர் முன்மீட்புப் பத்திரம்' என்று எழுதுங்கள்.

பாத்திமா:
என் கதை வேறு. 9% பத்திரம் ஒன்றைச் சந்தையில் 104 ரூபாய்க்கு வாங்கினேன். தரகர் முதிர்வுவரை கணக்குப் போட்ட ஈட்டத்தைத்தான் காட்டினார். ஓராண்டில் 100 ரூபாய் கொடுத்து முடித்துவிட்டார்கள். வட்டி 9 வந்தது, அசலில் 4 போனது. 104க்கு 5 ரூபாய் என்றால் 5%கூட இல்லை. இதுவும் மறுமுதலீட்டு இடரா?

சுந்தரம்:
இல்லை அம்மா, அது கூடுதல் விலை கொடுத்ததால் வந்த நட்டம். வாங்கும்போது 'மீட்புவரை ஈட்டம்', அதாவது முன்மீட்பு நாள்வரை மட்டும் கணக்குப் போட்ட ஈட்டம், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கயல், அந்தச் சொல்லையும் கையேட்டில் சேருங்கள். திரும்பி வந்த 100 ரூபாயை எந்த வட்டிக்குப் போடுவீர்கள் என்பதுதான் மறுமுதலீட்டு இடர்.

இளங்கோ:
இப்போது புரிகிறது. ஆனால் முதிர்ந்த வைப்புக்கும் அதே நிலைதானே? வட்டி குறைந்த நேரம் பார்த்துப் பணம் திரும்பி வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டாமா? 'முன்மீட்பு இடர்' என்றால்?

கயல்:
'வழங்குநர் முன்மீட்புப் பத்திரம்', 'மீட்புவரை ஈட்டம்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'முன்மீட்பு இடர்' என்றால் பாத்திமாவின் நட்டமும் அதற்குள் வந்துவிடுகிறது. அப்புறம் இரண்டையும் பிரித்துக் காட்ட என்ன செய்வது? இதற்கு இன்னும் சொல் வேண்டும்.