கோப்பிக் காசு கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

சிங்கப்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது; லாரி ஓட்டுகிறேன். ஒரு கொள்கலன் கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டுநர் "கோப்பிக் காசு" கேட்டார். கோப்பிதானே என்று கடையில் பொட்டலம் கட்டி வாங்கிப் போனேன். சிரித்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார்: ஒரு வெள்ளி. இருமுறை கொடுத்தேன். மூன்றாம் முறை மறுத்ததும் ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார். முதலாளியிடம் முறையிட்டேன், "ஒரு வெள்ளிதானே" என்றார்.

அறைத்தோழரோ "லிம் கோப்பி" வரும் என்று பயமுறுத்துகிறார். ஹொக்கியனில் கோப்பி குடிப்பது என்று பொருள். ஆனால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு விசாரணைக்கு அழைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். 2018இல் இதே ஒரு வெள்ளிக்காகப் பாரந்தூக்கி ஓட்டுநர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். கொடுப்பதும் குற்றம்.

நானே போய்ப் புகார் கொடுத்தால், அந்த இரண்டு வெள்ளிக்காக என்மீதும் வழக்கு வருமா?