வயிற்றுப்போக்குக்கு விளையாட்டு வீரர்கள் குடிக்கும் எலக்ட்ரோலைட் பவுடர் கொடுத்த அனுபவம் உண்டா?

மழைக்குருவி:
அக்கா பையனுக்கு இரண்டு வயசு, விடிகாலையிலிருந்து போக்கு. நான் போனபோது மாமா கையில் ஆரஞ்சு வாசனை எலக்ட்ரோலைட் டப்பா. "இதுவும் ஓ.ஆர்.எஸ். மாதிரிதான்" என்றார். பின்பக்கம் பார்த்தேன்: ஒரு சர்விங்குக்கு 500 மில்லி தண்ணீர், சர்க்கரை 30 கிராம், சோடியம் 230 மில்லிகிராம். பையன் மடமடவென்று குடித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தண்ணீராகவே போனது. அப்புறம் ஓ.ஆர்.எஸ். வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான், ஸ்பூன் ஸ்பூனாகத்தான் இறங்கியது. "பிடிச்சதைத்தானே கொடுத்தேன்" என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார்.

கடுகு:
சர்க்கரைதான் வில்லன். எங்கள் வீட்டில் சர்க்கரையே இல்லாத எலக்ட்ரோலைட் மாத்திரைதான், கரைத்துக் குடித்தால் முடிந்தது.

இரவுப்பணி:
கடுகு, பாதிதான் சரி. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். போக்கு நேரத்திலும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யும். குளுக்கோஸே இல்லையென்றால் அதைப் பயன்படுத்த முடியாது. அளவு மீறினால் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துவிடும்.

மழைக்குருவியின் டப்பாவை ஒரு லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள். சர்க்கரை 60 கிராம், சோடியம் 460 மில்லிகிராம். மில்லிகிராமை 23-ஆல் வகுத்தால் 20 மில்லிமோல். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் 75 மில்லிமோல். அதாவது அந்த டப்பாவில் சர்க்கரை நாலு மடங்குக்கு மேல், சோடியம் கால்வாசி சொச்சம். சர்விங் கணக்கை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

நெடுந்தூரம்:
ஏன் எல்லோரும் பவுடரைத் திட்டுகிறீர்கள்? நீண்ட ஓட்டத்தில் எனக்கு அந்தச் சர்க்கரைதான் தெம்பு. ஒருமுறை ஓ.ஆர்.எஸ். கலந்து எடுத்துப் போனேன். கரித்த கரிப்பில் பாதி பாட்டிலைத் தரையில் கொட்டினேன்.

இரவுப்பணி:
ஓட்டத்துக்கு அதைக் குறை சொல்லவில்லையே. கேள்வி போக்கைப் பற்றி.

திண்ணை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ். வாங்கினாலும் பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று பாருங்கள். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள குட்டிப் பாக்கெட் 200 மில்லிக்கு. பக்கத்து வீட்டில் பெரிய பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்கள், நான் டம்ளரைப் பிடுங்காத குறை. அது ஐந்து மடங்கு உப்பு, குழந்தைக்கு ஆபத்து. குட்டியை லிட்டரில் கலந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், பலன் இல்லை. பாதிப் பாக்கெட் போட்டு மீதியை மடித்து வைப்பதும் வேண்டாம், பொடி சமமாகப் பிரியாது. சில லேபிளில் சோடியத்துக்குப் பதில் உப்பு என்று இருக்கும், அதை 2.5-ஆல் வகுத்தால்தான் சோடியம். கலந்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

கடுகு:
சரி, பெரியவர்களுக்கு லேசான போக்கு என்றால்? என் மாத்திரை தண்ணீரும் கஞ்சியும் போதாதா?

இரவுப்பணி:
லேசானது, சாப்பிட முடிகிறது என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். குழந்தைக்கோ, நிற்காமல் போகிறவர்களுக்கோ நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடுகு:
நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.