திரையில் 413, கைக்கு வந்தது 404: உங்களுக்கும் நடந்ததுண்டா?

கரூர் டெர்மினல்

பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை. போன மாதம் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அதிகம் கைமாறாத ஒரு நூல் ஆலைப் பங்கில் 500 வைத்திருந்தார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அன்றே விற்றாக வேண்டும். கடைசி விலை 413. "விலை பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை தம்பி, மார்க்கெட் ஆர்டராகவே போட்டுவிடுங்கள்" என்றார். போடுவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டினேன். வாங்கக் காத்திருந்தவர்கள் இவ்வளவுதான்: 412க்கு 60 பங்கு, 411.50க்கு 40, 409க்கு 100, 404க்கு 150, 396க்கு 300. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பரவாயில்லை, போடுங்கள்."

போட்டேன். கண் இமைப்பதற்குள் மேலிருந்து நான்கு வரிசையும் காலி, ஐந்தாவதில் பாதி போயிருந்தது. கடைசி விலை 396 என்று சிவப்பில் நின்றது. அவருக்குச் சராசரியாகக் கிடைத்தது 404 ரூபாய் 16 காசு. 413ஐ நம்பி மனக்கணக்குப் போட்டிருந்தவருக்கு 4,420 ரூபாய் குறைந்துவிட்டது.

அதுகூடப் பெரிதில்லை. அவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் யாரோ 414க்குப் பத்தே பத்துப் பங்கு வாங்கினார்கள். திரையில் விலை 414! பச்சை நிறம்! ஆசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் விற்கும்போது 396, இப்போது 414. இந்த ஐந்து நிமிடத்தில் அந்த ஆலையில் என்ன தம்பி நடந்தது?"

ஒன்றும் நடக்கவில்லை ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

திருவொற்றியூர் சேகர்

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வாங்குபவரைவிட விற்பவர் அதிகமானால் விலை இறங்கும், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் விலையை ஆட்டிவைக்கும் ஆபரேட்டர் இருப்பார், அது தனிக் கதை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முந்தைய நாள்தான் கருத்துக் கணிப்பை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263இல் முடிந்திருந்தது. காலையில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாக்கு எண்ணிக்கை நகர நகர ஒரு பொதுத்துறைப் பங்கு என் கண்ணெதிரே பத்து ரூபாய் பத்து ரூபாயாகச் சரிந்தது. இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன். அந்த விலையைத் தொடாமலே தாண்டிக் கீழே போய்விட்டது, என் ஆர்டர் அப்படியே நின்றுகொண்டிருந்தது! மாலையில் நிஃப்டி 21,884. ஒரே நாளில் ஏறத்தாழ ஆறு சதவீதம். அடுத்த நாளே மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற்றம். எல்லோரும் விற்றார்கள், இறங்கியது. எல்லோரும் வாங்கினார்கள், ஏறியது.

டீலிங் ரூம் பழசு

சேகர், "எல்லோரும் விற்றார்கள்" என்றால் வாங்கியது யார்? ஜூன் 4 அன்று விற்ற ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் வாங்கித்தான் இருக்கிறார். இரண்டு பக்கமும் எண்ணிக்கை எப்போதும் சமம். வித்தியாசம் அவசரத்தில் இருக்கிறது. சொன்ன விலை வரும்வரை காத்திருப்பவர்கள் ஒரு ரகம், கிடைத்த விலைக்கு இப்போதே முடிக்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு ரகம். விலையை நகர்த்துவது இரண்டாம் ரகம். எவ்வளவு தூரம் நகரும் என்பதைத் தீர்மானிப்பது, காத்திருப்பவர்கள் எவ்வளவு பங்குக்கு நிற்கிறார்கள் என்பது. கரூர் நண்பர் காட்டிய ஐந்து வரிசையில் மொத்தம் 650 பங்கு. 500 போனால் விலை நான்கு சதவீதம் சரியாமல் என்ன செய்யும்? அதே 500 பங்கு ஒரு பெரிய வங்கிப் பங்காக இருந்திருந்தால் ஐந்து காசுகூட அசைந்திருக்காது.

ஜூன் 4 அன்று நடந்ததில் பாதியை நீங்கள் பார்க்கவே இல்லை. விற்பவர் கூடியது ஒரு பக்கம் என்றால், காத்திருந்தவர்கள் தங்கள் ஆர்டர்களை ரத்து செய்துவிட்டு ஒதுங்கியது இன்னொரு பக்கம். ஆட்சி யாருடையது என்று தெரியாத அரை மணி நேரத்தில் பழைய விலைக்கு வாங்குகிறேன் என்று யார் நிற்பார்? அதனால்தான் உங்கள் ஸ்டாப் லாஸ் பலிக்கவில்லை. நீங்கள் போட்டது, இதற்குக் கீழே விற்காதே என்ற லிமிட்டுடன் கூடிய ஸ்டாப் லாஸ். உசுப்பப்பட்ட நொடியில் அந்த லிமிட்டுக்கு வாங்க ஆளே இல்லை. கடன் வாங்கிப் பெரிய நிலை எடுத்திருந்தவர்களின் ஈடாகக் கட்டிய மார்ஜின் பணம் தீர்ந்து, புரோக்கரே அவற்றை விற்றுத் தள்ளியதும் இதோடு சேர்ந்துகொண்டது. அவர்களுக்கு விலை ஒரு பொருட்டே இல்லை.

என் அனுபவம் 2012 அக்டோபர் 5. அப்போது மும்பையில் ஒரு டீலிங் அறையில் இருந்தேன். காலை பத்து மணிக்குச் சற்று முன். நிஃப்டி திடீரென்று கிணற்றில் விழுந்த வாளிபோலக் கீழே போனது. போர் மூண்டதா, பிரதமருக்கு ஏதாவதா என்று ஆளாளுக்குத் தொலைபேசியை எடுத்தோம். செய்தி எதுவும் இல்லை. ஏறத்தாழ 900 புள்ளி, பதினைந்து சதவீதத்துக்கு மேல். பங்குச் சந்தை கால் மணி நேரம் நின்றது. ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாக உள்ளிடப்பட்ட 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கும் மேல் விற்பனை. அந்தத் தொகை அன்றைய சந்தைக்குப் பெரிதே அல்ல, ஒரு நாள் முழுக்கப் பரப்பி விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே மூச்சில் வந்ததால், நாட்டின் முதல் ஐம்பது பங்குகளிலேயே காத்திருந்த வரிசைகள் துடைத்தெடுக்கப்பட்டன. எந்த நிறுவனத்துக்கும் அன்று ஒன்றும் ஆகவில்லை, வர்த்தகம் திரும்பத் தொடங்கியதும் விலைகள் எழுந்துவிட்டன. ஆசிரியரின் 500 பங்கும் அந்த 650 கோடியும் ஒரே நிகழ்ச்சி, அளவுதான் வேறு.

மதுரை வளர்மதி

ஆசிரியருக்கு 404 ரூபாயாவது கிடைத்தது, கொடுத்து வைத்தவர். எனக்கு விற்கவே முடியவில்லை. லோயர் சர்க்யூட்டில் மாட்டிக்கொண்டேன், ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லை அது.

அண்ணன் சொல்லி வாங்கிய பங்கு, 5 சதவீத வரம்பு உள்ளது. கணக்குத் தணிக்கையாளர் ராஜினாமா செய்துவிட்டார் என்று ஒரு மாலையில் அறிவிப்பு வந்தது. முந்தைய விலை 200. மறுநாள் திறந்ததும் 190, அங்கேயே பூட்டு. வாங்கும் பக்கம் வெறும் பூஜ்யம். விற்கும் பக்கம் நாலு லட்சம் பங்கு. என் ஆயிரம் அந்த நாலு லட்சத்துக்குப் பின்னால். எல்லோரும் ஒரே விலையில் நிற்கும்போது முதலில் வந்தவருக்குத்தான் முதலிடம். மறுநாள் 180.50. அதற்கு மறுநாள் 171 சொச்சம். எப்போதாவது யாரோ ஐம்பது, நூறு வாங்குவார்கள், வரிசையில் முதல் ஆள் பிழைப்பார். திரையில் போடும் "விலை" யாருக்கு விலை என்று அன்றைக்குத்தான் கேட்டேன். 190க்கு நான் விற்கத் தயார், 171க்கும் தயார், ஆள் இல்லையே! கடைசியில் பூட்டுத் திறந்தபோது 131.

கரூர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். இனி யார் வந்தாலும் முதலில் அந்தப் பங்கு தினமும் சராசரியாக எத்தனை கைமாறுகிறது என்று பாருங்கள். நீங்கள் விற்க வேண்டியது அதில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் மார்க்கெட் ஆர்டர் பக்கமே போகாதீர்கள். 411க்கு லிமிட் போட்டு நூறு நூறாக விடுங்கள். அதுவும் முதல் கால் மணி நேரத்தில் வேண்டாம், அப்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். கல்லூரிக் கட்டணம் போல நாள் குறித்த செலவுக்கு வைத்திருக்கும் பணத்தைச் சின்னப் பங்கில் வைக்கவே கூடாது என்று பெரியவரிடம் சொல்லுங்கள். கட்டணத்துக்கு அஞ்சலகத்தில் போடச் சொல்லுங்கள். பேத்திக்கு உதவித்தொகை கிடைக்குமா என்று கல்லூரியில் கேட்டாரா?

கரூர் டெர்மினல்

கட்டணம் கட்டியாகிவிட்டது அக்கா. லிமிட் போடலாம் என்று அவரிடமும் சொன்னேன். 411 என்று போட்டிருந்தால் அன்று 100தான் போயிருக்கும், மீதி 400 அப்படியே நின்றிருக்கும். அன்றே முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய நிபந்தனை.

ஏலக்கடை

வளர்மதி அவர்கள் சொன்னதன் தலைகீழ் வடிவம் என்னிடம் இருக்கிறது. எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், மொத்தமே இரண்டு லட்சம் பங்குதான். மும்பைப் பங்குச் சந்தையில் 2024 நடுவில் அதன் விலை 3 ரூபாய் 53 காசு. கணக்குப் புத்தகப்படி ஒரு பங்கின் மதிப்போ 5 லட்சம் ரூபாய்க்கு மேல்.

இதைக் கேள்விப்பட்ட ஒவ்வொரு புத்திசாலியையும்போல நானும் காலையில் வாங்க ஆர்டர் போடுவேன், மாலையில் அது காலாவதியாகும். விற்பவர் பக்கம் துடைத்து வைத்த தட்டுபோல இருக்கும். மூன்று ரூபாய்க்கு யார் விற்பார்? ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம் என்ற வரம்பு இருந்ததால், விற்பவர் ஒத்துக்கொள்ளும் விலையை யாரும் சொல்லவே முடியாது. அதே ஆண்டு இத்தகைய நிறுவனங்களுக்கு விலை வரம்பில்லாத தனி ஏலம் நடத்த, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வழி செய்தது. அக்டோபர் 29 அன்று ஏலம். 2,25,000 ரூபாய்க்குத் திறந்து 2,36,250இல் முடிந்தது. என் செயலியில் சதவீதம் போடும் கட்டத்தில் எண் அடங்காமல் புள்ளிகளாக வந்தது.

அன்று அந்த நிறுவனம் பணக்காரக் கம்பெனி ஆகிவிடவில்லை, முந்தைய நாளும் அதே சொத்துதான். அப்படியும் புத்தக மதிப்பில் பாதிக்குக் கீழேதான் விலை நின்றது. அது ஏன் என்று பழசு ஐயா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

டீலிங் ரூம் பழசு

கையில் வேறு நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இந்தியாவில் பெரும்பாலும் தள்ளுபடி விலையில்தான் கைமாறும். அந்த ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளை விற்றுப் பணத்தை உங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போவதில்லையே. தள்ளுபடி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் கிடையாது.

திருவொற்றியூர் சேகர்

எல்லாம் சரி. ஆபரேட்டர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரிய பெரிய வாங்கும் ஆர்டராகப் போட்டு ஆசை காட்டி, விலை ஏறியதும் ரத்து செய்துவிட்டு விற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் காத்திருக்கும் வரிசையிலேயே பாதி பொய்.

டீலிங் ரூம் பழசு

இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. சின்னப் பங்கில் அது எளிது, இதற்காக செபி தண்டித்தும் இருக்கிறது. ஜூன் 4க்கு அது காரணமில்லை என்றுதான் சொல்கிறேன்.

தாம்பரம் ஐபிஓ

சேகர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. புதுப் பங்கு பட்டியலாகும் நாளில் பத்து மணிக்கு முன் நடக்கும் ஏலத்தைப் பாருங்கள். எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அதுதான் தொடக்க விலை. ஆர்டர்கள் வர வர உத்தேச விலை திரையில் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு 300 ரூபாய்க்கு ஒதுக்கீடு கிடைத்த ஒன்றில் உத்தேச விலை 390 வரை போனது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஏலம் மூடப்போகும் நேரத்தில் வாங்கும் பக்கத்துப் பெரிய எண்ணிக்கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 322க்குத் திறந்தது.

அவர்கள் மனம் மாறி ரத்து செய்தார்களா, தொடக்கத்திலிருந்தே வாங்கும் எண்ணம் இல்லையா? பங்குச் சந்தைக்கு இதைப் பற்றிப் புகார் எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பதில் வந்ததா?