'கத்' வந்தால் உறுதியா, ஐயமா? சரக்குக் கடிதத்தில் ஏற்பட்ட குழப்பம்

கணக்கர்:
ஜித்தாவிலிருந்து வந்த ஓர் அரபுக் கடிதத்தில் "கத் ததஅக்கரு அஷ்ஷஹ்னா" என்றிருந்தது. 'கத்' உறுதியைக் காட்டும் என்று மதரஸாவில் படித்த நினைவில், "சரக்கு தாமதமாகிவிட்டது" என்று தமிழாக்கிக் கொடுத்தேன். வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்யவே முனைந்துவிட்டார். சரக்கோ உரிய நாளில் வந்து சேர்ந்தது. அதே கடிதத்தில் ஓரிடத்தில் "ஸநுர்ஸிலு" என்றும் வேறோரிடத்தில் "ஸவ்ஃப நுர்ஸிலு" என்றும் இருந்தன. இரண்டும் "அனுப்புவோம்" என்பதுதானா?

பாலைப் பணியாளர்:
குவைத்தில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன்; யாரும் 'ஸவ்ஃப' என்று பேசிக் கேட்டதில்லை. 'ப' என்றோ 'ராஹ்' என்றோதான் வினைக்கு முன் சேர்க்கிறார்கள்.

கணக்கர்:
ஐயா, நான் கேட்பது எழுத்து வழக்கைப் பற்றி.

தென்காசி மாணவர்:
'ஸ' அருகிலுள்ள எதிர்காலம், 'ஸவ்ஃப' தொலைவிலுள்ளது. இறந்தகால வினைக்கு முன் 'கத்' உறுதி. நிகழ்கால வடிவத்துக்கு முன் எப்போதும் ஐயம்.

நஹ்வு ஆசிரியர்:
மாணவர் சொன்னதில் பாதி சரி. அருகு, தொலைவு என்ற பாகுபாட்டைப் பழைய பஸ்ரா இலக்கணிகள் சொன்னார்கள். ஆனால் குர்ஆனில் ஒரே வினை 78-ஆம் அத்தியாயத்தில் "ஸயஅலமூன்" என்றும் 102-இல் "ஸவ்ஃப தஅலமூன்" என்றும் வருவதைப் பார்த்தால், அதைக் கொண்டு நாள் கணக்கிட முடியாது என்பது விளங்கும். இன்றைய கடிதங்களில் இரண்டும் "அனுப்புவோம்" என்பதுதான். 'ஸவ்ஃப' சற்றுக் கனமாக ஒலிக்கும், அவ்வளவே.

'கத்' விஷயத்தில் "எப்போதும்" என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். 2:144-இல் வரும் "கத் நரா" நிகழ்கால வடிவம்தான், அங்கே ஐயத்துக்கு இடமில்லை. எனினும் வணிகக் கடிதத்தில் "தாமதமாகலாம்" என்பதே பொருள். கணக்கர் அவர்களே, நீங்கள் பார்த்திருக்க வேண்டியது 'கத்'தை அன்று, அடுத்த சொல்லை. சரக்கைக் குறிக்கும் 'ஷஹ்னா' அரபில் பெண்பால் என்பதால் நிகழ்கால வடிவமான "ததஅக்கரு" என்பதில் இரண்டு 'தா' எழுத்துகளும் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும்; இறந்தகாலமான "தஅக்கரத்" என்பதில் ஒன்று தொடக்கத்திலும் மற்றது இறுதியிலும் நிற்கும். உயிர்க்குறி இல்லாத அச்சிலும் இது கண்ணுக்குத் தெரியும்.

கணக்கர்:
மிக்க நன்றி. அப்படியானால் "ஸதகூனு அஷ்ஷஹ்னா கத் வஸலத்" என்பது "வந்து சேர்ந்திருக்கலாம்" என்றாகுமா?

நஹ்வு ஆசிரியர்:
இல்லை. அது, குறிப்பிட்ட நாளுக்குள் "வந்து சேர்ந்திருக்கும்" என்ற வாக்கு. 'கத்' முன்னால் வந்து, "கத் தகூனு அஷ்ஷஹ்னா வஸலத்" என்றிருந்தால்தான் "வந்து சேர்ந்திருக்கலாம்". தமிழில் "சேர்ந்திருக்கும்" என்பதை ஊகத்துக்கும் பயன்படுத்துகிறோம். ஆகவே முதல் தொடரை மொழிபெயர்க்கும்போது தேதியை விட்டுவிடாதீர்கள்.

தென்காசி மாணவர்:
எதிர்மறைக்கு "ஸவ்ஃப லன்" என்று செய்திகளில் பார்க்கிறேனே?

நஹ்வு ஆசிரியர்:
'லன்' தனியாகவே எதிர்கால மறுப்பு என்பதால் என் மாணவர்கள் அப்படி எழுதினால் 'ஸவ்ஃப'வைக் கோடிட்டு நீக்கிவிடுவேன்.

பாலைப் பணியாளர்:
எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் வருகிறது, ஆசிரியரே. அரபிகள் எழுதுவதுதான்.