காது ஜவ்வுப் படம் வந்தால் எங்கே பார்க்க ஆரம்பிக்கிறீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வைகைக்கரை:
எங்கள் கல்லூரியில் மாதிரி ஆஸ்கி செய்முறைத் தேர்வு நடந்தது. ஒரு ஸ்டேஷனில் காது ஜவ்வின் படமும் சின்னக் குறிப்பும். 28 வயது ஆண், 2 வருடமாகக் காதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகுகிறது, நாற்றம் உண்டு, சரியாகக் கேட்கவில்லை. படத்தில் ஜவ்வின் நடுப்பகுதி முழுசாக இருக்கிறது, மேலே ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஒரு பொருக்கு. எந்தப் பக்கக் காது, என்ன நோய், அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேள்விகள். பேட்சில் பலர் காதுக்குறும்பி என்று எழுதிவிட்டு வந்தார்கள். இப்படிப்பட்ட படங்களை நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

நிலாச்சோறு:
பக்கம் கண்டுபிடிப்பது சுலபம். ஒளிக்கூம்பு 5 மணி திசையில் இருந்தால் வலது, 7 மணியில் இருந்தால் இடது. அப்புறம், எங்கே வெள்ளையாகத் தெரிந்தாலும் கொலஸ்டியடோமா, அதாவது காதுக்குள் தோல் செதில் குவிந்து எலும்பை அரிக்கும் நோய். இந்த இரண்டையும் வைத்தே நான் தேறினேன்.

மூன்றாம் வார்டு (இஎன்டி பிஜி):
5, 7 கணக்கு நல்ல காதுக்குச் சரி. தேர்வில் வருவது பெரும்பாலும் நோயுற்ற காது. ஜவ்வு மங்கினாலோ உள்ளே இழுபட்டாலோ கூம்பு மறையும், இடமும் மாறும். அதனால் ஜவ்வில் ஒட்டிய மேலியஸ் எலும்பைத் தேடுங்கள். அதன் பக்கவாட்டு முனை சின்ன வெள்ளைப் புடைப்பாகத் தெரியும். ஜவ்வு உள்ளே இழுபட்டால் அது இன்னும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்பு 1 மணி திசையில் இருந்து கைப்பிடி நடுவை நோக்கிச் சரிந்தால் வலது காது, 11 மணியில் இருந்தால் இடது.

வெள்ளை எல்லாம் கொலஸ்டியடோமா இல்லை. ஜவ்வுக்குள்ளேயே சுண்ணாம்பு பூசியதுபோல் தட்டையாக இருப்பது டிம்பனோஸ்கிளிரோசிஸ். பழைய சீழோ, ஜவ்வில் வைத்த குரோமெட் குழாயோ விட்டுப்போன தழும்பு. கொலஸ்டியடோமாவின் வெள்ளை, செதில் செதிலாகக் குவிந்து, மேல் ஓரமான ஆட்டிக்கிலோ பின்மேல் மூலையிலோ இருக்கும்.

இப்போது உங்கள் படம். குறும்பி சுரப்பது காதுக் குழாயின் வெளிப்பகுதியில்தான். ஜவ்வின் மேல் அந்தச் சுரப்பிகளே கிடையாது. ஆட்டிக்கில் ஒட்டிய பொருக்கு, அதுவும் நாற்றத்தோடு, என்றால் பின்னால் கொலஸ்டியடோமா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பொருக்கை எடுப்பது முதல் வேலை. பிறகு ஆடியோகிராம், டெம்போரல் எலும்பு சிடி. தலைசுற்றல், முகம் கோணல் உண்டா என்று கேட்பதையும் எழுதுங்கள். கொலஸ்டியடோமா என்றால் சிகிச்சை மாஸ்டாய்ட் அறுவைதான், சொட்டு மருந்தில் முடியாது.

மஞ்சள் குடை:
நான் மாணவி இல்லை, அம்மா. என் 6 வயது மகளின் காதுப் படத்தில் ஜவ்வுக்குப் பின்னால் குமிழிகள் தெரிந்தன. 3 மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். இதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. அவளுக்கும் அறுவை வேண்டுமா?

மூன்றாம் வார்டு:
இது வேறு, அம்மா. குமிழி என்றால் ஓட்டையில்லாத ஜவ்வுக்குப் பின்னால் நீர் நிற்கிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே வற்றும். 3 மாதம் பார்ப்பது வழக்கமான முறைதான். அந்தத் தேதியில் கேட்கும் திறனைச் சோதிக்கக் கூட்டிப் போங்கள். நடுவில் வலியோ ஒழுக்கோ வந்தால் காத்திருக்க வேண்டாம்.

மாணவர்களுக்கு: இதே குமிழிப் படத்தில் 50 வயது, ஒரு காது மட்டும் என்று குறிப்பு இருந்தால் மூக்கின் பின்புறத்தைப் பார்ப்பேன் என்று எழுதாமல் விடாதீர்கள். அங்கே கட்டி இருந்து யூஸ்டேஷியன் குழாயை அடைத்திருக்கலாம்.

தென்னந்தோப்பு (கண் பிரிவு ஹவுஸ் சர்ஜன்):
கண் படத்திலும் பக்கம்தான் முதலில். வலது கண்ணின் படத்தில் மூக்கு நம் வலப்பக்கம் வரும். உள்மூலையில் உள்ள சதைப்புள்ளியைத் தேடினால் போதும். வலது காதுப் படத்திலும் முன்புறம் நம் வலப்பக்கமே.

எனக்கு வந்தது கருவிழிப் புண். நெற்தாள் குத்திய விவசாயி. அடியில் சீழ் தேங்கியிருந்ததால் பக்கத்தில் இருந்தவர் பாக்டீரியா என்றார். பாக்டீரியா, பூஞ்சை இரண்டிலும் சீழ் தேங்கும். ஓரம் இறகுபோல் பிசிறி, பக்கத்தில் துணைப்புள்ளிகள் இருந்ததால் பூஞ்சை என்று எழுதினேன். சுரண்டி எடுத்து கேஓஹெச்சில் பார்ப்பது, நாட்டமைசின் 5% சொட்டு, ஸ்டீராய்டு கூடாது. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் தனி மதிப்பெண் இருந்தது.

நிலாச்சோறு:
சரி, மேலியஸ் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொலஸ்டியடோமா உள்ள சீழ்க்காதை விடையில் 'அன்சேஃப்' வகை என்று எழுதலாமா, 'ஸ்குவாமஸ்' வகை என்றா? எங்கள் சாருக்குப் பழைய சொல்தான் பிடிக்கும்.

மூன்றாம் வார்டு:
நான் ஸ்குவாமஸ் என்றுதான் எழுதுவேன். 'சேஃப்' என்று பெயர் வாங்கிய காதிலும் சிக்கல் வருவதுண்டு. ஆனால் திருத்துபவரைப் பொறுத்தது.

வைகைக்கரை:
இரண்டையும் சேர்த்து எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? அப்புறம், எண்டோஸ்கோப் படத்தையே சுழற்றி அச்சடித்திருந்தால் 1 மணி, 11 மணி கணக்கு என்ன ஆகும்?