படுக்கையறைக்குள் கழிப்பறை: தரையை உயர்த்துவதா, தோண்டுவதா?

காங்கேயத்து மகன்

எங்கள் வீடு 1998இல் கட்டியது, தரைத்தளம் மட்டும். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. இரவில் இரண்டு மூன்று முறை படியிறங்கிப் போய் வருகிறார். அவருடைய படுக்கையறையின் வடமேற்கு மூலையில் 5 அடிக்கு 7 அடியில் ஒரு கழிப்பறை கட்ட நினைக்கிறேன். செப்டிக் டேங்க் அங்கிருந்து 42 அடி தள்ளி இருக்கிறது. குழாய்க்குச் சரிவு கிடைக்க வேண்டுமானால் உள்ளே தரையை எட்டு அங்குலம் உயர்த்தியே ஆக வேண்டும் என்கிறார் கொத்தனார். வேறு வழி இல்லையா? மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் காற்றோட்டத்துக்குப் போதுமா?

ஈரோடு மாடிவீடு

கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள். 2019இல் எங்கள் வீட்டு மாடி அறையில் இப்படித்தான் ஒன்பது அங்குலம் உயர்த்திக் கட்டினோம். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. இருபத்தைந்து ஆண்டு பழைய தரையை உடைத்தால் அஸ்திவாரம் ஆட்டம் காணும். உடைத்த இடத்தில் கறையான் ஏறும். ஒரு படி கூடுதலாக ஏறுவதற்குப் பயந்து வீட்டையே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மட்டப்பலகை

முப்பது ஆண்டுகளாகக் கட்டட மேற்பார்வை செய்கிறேன். ஈரோட்டுக்காரர் தம் மாடியில் செய்தது சரிதான். மாடியில் காலுக்குக் கீழே கான்கிரீட் தளம் இருக்கிறது, அதை வெட்ட முடியாது. குழாய் தளத்துக்கு மேலேதான் ஓட வேண்டும். தம்பியின் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. அங்கே டைல்ஸுக்குக் கீழே நான்கு அங்குலக் கான்கிரீட், அதற்குக் கீழே அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே கொட்டி நிரப்பிய மண். அந்த மண்ணைத் தோண்டினால் அஸ்திவாரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சுவரின் பாரம் அதன் மேல் இல்லை.

முழங்கால் வலியுள்ள ஒருவருக்காகக் கட்டும் கழிப்பறையில் எட்டு அங்குலப் படி வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. தூக்கக் கலக்கத்தில், ஈரக்காலோடு அந்தப் படியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

தம்பி, அளவை டேங்கிலிருந்து தொடங்குங்கள். டேங்குக்குள் பழைய குழாய் நுழையும் இடத்தில் அதன் அடிவிளிம்பு எந்த ஆழத்தில் இருக்கிறது? அறையின் தரை வெளித்தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கண்மதிப்பு வேண்டாம். ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்து மட்டம் பார்த்துச் சொல்லுங்கள்.

அவிநாசி அம்மிணி

வடமேற்கு மூலை என்றால் வாஸ்துப்படி தடை இல்லை, தாராளமாகக் கட்டலாம். கன்னிமூலையாக இருந்தால்தான் வேண்டாம் என்பேன்.

காங்கேயத்து மகன்

நன்றி அக்கா. மட்டப்பலகை ஐயா, அளந்துவிட்டேன். அறையின் தரை, வெளியே சந்தின் தரையைவிட 21 அங்குலம் உயரம். டேங்கில் குழாயின் அடிவிளிம்பு, அதே சந்தின் தரை மட்டத்திலிருந்து 14 அங்குலம் கீழே.

மட்டப்பலகை

அப்படியானால் உங்கள் சிக்கல் அறைக்குள் இல்லை, சந்தில் இருக்கிறது.

நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி இறக்கம் கொடுப்பது பழக்கம். 42 அடிக்கு அது பன்னிரண்டரை அங்குலம். டேங்கில் 14 அங்குல ஆழத்தில் முடிய வேண்டிய குழாய், உங்கள் சுவரோரம் வெறும் ஒன்றரை அங்குல ஆழத்தில் தொடங்க வேண்டியிருக்கும். பாதிக் குழாய் மண்ணுக்கு மேலே தெரியும். ஆகவே 60 அடிக்கு ஓர் அடி என்று வையுங்கள். இறக்கம் எட்டரை அங்குலம். சுவரோரம் குழாயின் அடி ஐந்தரை அங்குல ஆழத்தில் வரும். குழாயின் மேல் ஒன்றரை அங்குல மண்கூட நிற்காது என்பதால், குழாயைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு மூடுங்கள், சந்தில் இருசக்கர வண்டி போகும் அல்லவா? இந்தச் சரிவும் போதுமானதுதான், ஆனால் நடுவில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. நூல் கட்டி, ஐந்தடிக்கு ஓர் இடத்தில் மட்டம் பார்த்த பிறகே மண் மூடச் சொல்லுங்கள்.

இப்போது உள்ளே வாருங்கள். அறையின் தரைக்கும் சந்தில் குழாய் தொடங்கும் இடத்துக்கும் இடையே 26 அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. எட்டு அங்குலம் உயர்த்தச் சொன்ன கொத்தனார் இதை அளக்கவே இல்லை. பி டிராப் வகை க்ளோசெட் வாங்குங்கள். அதன் வெளிக்குழாய் தரையிலிருந்து ஏறக்குறைய ஏழு அங்குல உயரத்தில், பின்புறமாக நேரே சுவரைத் துளைத்து வெளியேறிவிடும். அதற்காகத் தரையில் ஒரு ஓடுகூட உடைக்க வேண்டியதில்லை. வெளிச்சுவரில் இறங்கி, அடியில் ஒரு சேம்பர், அங்கிருந்து டேங்க். தோண்ட வேண்டியது தரைத் தண்ணீர் இறங்கும் நாணி டிராப்புக்கும் அதன் குழாய்க்கும் மட்டுமே.

ஈரோடு மாடிவீடு

தரைத்தளம் என்பதைக் கவனிக்காமல் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன், ஏற்கிறேன். ஆனால் தோண்டிய மண்ணைப் பற்றிய பயத்தை விட மாட்டேன். என் தங்கை வீட்டில் குழாய் போட்டுவிட்டு அன்றே மண்ணைத் தள்ளி டைல்ஸ் ஒட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் நடுவில் குழிந்து, தண்ணீர் டிராப்புக்குப் போகாமல் மூலையில் தேங்கி நின்றது.

மட்டப்பலகை

இந்தப் பயம் நியாயமானது. எடுத்த மண்ணையே திருப்பிப் போடாமல் ஆற்று மணலோ எம் சாண்டோ போட்டு, ஆறு ஆறு அங்குலமாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்ப வேண்டும். அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு. பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றி, குளிக்கும் பக்கம் ஐந்தடி வரை கொண்டுபோக வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். படுக்கையறைப் பக்கச் சுவரின் அடியில் ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம்.

கதவருகே குளியலறைத் தரை படுக்கையறையைவிட அரை அங்குலம் மட்டும் தாழட்டும். அங்கிருந்து டிராப் வரை ஐந்தடிக்கு முக்கால் அங்குலம் சரிவு. வாசலில் மேடு கட்டாதீர்கள், சாய்த்து இழைத்த கிரானைட் பட்டை போதும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அம்மா உள்ளே விழுந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கதவை உடைத்துத்தான் பெரியவரை வெளியே எடுத்தார்கள்.

பல்லடம் கரிசல்

எங்கள் ஊர் கரிசல் மண். அறைக்குள் இடம் போதாமல் சுவருக்கு வெளியே ஒட்டுக் கழிப்பறையாகக் கட்டினோம். பழைய வீடு அசையாமல் நின்றது, புதிய பகுதி மட்டும் மழைக்கு உப்பி வெயிலுக்கு இறங்கியது. சுவரைத் துளைத்த இடத்தில் குழாயை இறுக்கிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் சரியாக அந்த இடத்திலேயே விரிசல். சுவர் ஈரமானது, நாற்றம் வந்தது, காரணம் தெரிய எட்டு மாதம் ஆனது. குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் ஒரு சுற்றுப் பெரிய குழாயை உறையாக வைத்து, இடைவெளியில் சிலிகோன் போன்ற நெகிழும் பொருளை அடையுங்கள். காங்கேயம் பக்கம் செம்மண் என்றாலும் இதைச் செய்வதில் நட்டமில்லை.

ஆனைமலை அடிவாரம்

எல்லோரும் தண்ணீரைப் பார்த்துவிட்டீர்கள், காற்றை யாரும் பார்க்கவில்லை. மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று எப்படி வீசும் என்று நமக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மேற்கே வைத்தோம். ஆடி மாதம் முழுவதும் ஃபேன் வெளியே தள்ளியதைக் காற்று உள்ளே தள்ளியது. ஃபேனை நிறுத்தினால் இறக்கை தானாகச் சுற்றிக் கழிப்பறை நாற்றம் படுக்கைக்கு வந்தது. உங்களுக்கு வடக்குச் சுவரும் வெளிச்சுவராக இருக்கிறது, அங்கே வையுங்கள். அதே சுவரில் இரண்டடிக்கு ஒன்றரையடியில் திறந்து மூடும் வென்டிலேட்டரும் வேண்டும். மின்சாரம் போகும் நேரத்தில் அதுதான் காப்பாற்றும்.

இன்னொன்று. கதவுக்கு அடியில் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். உள்ளே காற்று வர வழி இல்லாமல் ஃபேன் ஓடினால், அது நாணி டிராப் வழியாகக் காற்றை இழுக்கும். கோடையில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் டிராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும், அப்போது சாக்கடை வாடை நேரே அறைக்கு வரும். ஊரிலிருந்து வந்ததும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

மட்டப்பலகை

ஆடிக் காற்றை நான் மறந்தே போனேன், நல்ல வேளை சொன்னீர்கள். அதோடு ஒரு வேலை: க்ளோசெட் குழாய் வெளியே வந்து திரும்பும் இடத்தில் வளைவுக்குப் பதிலாக டீ போட்டு, மேல் முனையை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல்வரை ஏற்றுங்கள். இது இல்லாமல் 42 அடிக் குழாயில் தண்ணீர் பாயும்போது பின்னால் காற்று இழுபடும். டிராப் ‘குபுகுபு’ என்று சத்தமிடுவதும், தண்ணீர் ஊற்றிய பிறகு க்ளோசெட்டில் நிற்கும் தண்ணீரின் மட்டம் குறைவதும்தான் அடையாளம்.

குளிக்கும் தண்ணீரை டேங்கில் விட வேண்டாம். தனிக் குழாயில் தென்னைக்கு விடுங்கள். அதையும் டேங்குக்குள் விட்டால் கழிவு தங்கி மட்கும் நேரம் குறையும்.

ஈரோடு மாடிவீடு

தென்னை இருக்கிறவர்களுக்குச் சரி. சந்தில் விட்டால் தேங்கும், கொசு வரும். டேங்க் பெரியதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே விடலாம் என்பதுதான் என் எண்ணம்.

மட்டப்பலகை

1998இல் எத்தனை பேருக்காகக் கட்டிய டேங்க் என்று தெரியாமல் அதைச் சொல்ல மாட்டேன்.

காங்கேயத்து மகன்

கொல்லையில் இரண்டு தென்னை இருக்கிறது, அங்கேயே விட முடிவு செய்துவிட்டேன். இன்று காலை சுவரோரம் ஓர் ஓடு பெயர்த்துப் பார்த்தோம். சுவருக்கு அடியில் ஏழு அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் பெல்ட் ஓடுகிறது, அதன் மேல்முகம் தரையோடு தரையாக இருக்கிறது. நாணி டிராப்பின் குழாய் சரியாக அதன்மேல் மோதுகிறது. பெல்ட்டில் துளையிட்டுக் கொள்ளலாம் என்கிறார் கொத்தனார்.

மட்டப்பலகை

விடாதீர்கள். அதில் கம்பி ஓடுகிறது. மூன்றங்குலக் குழாய்க்காக அதை அறுத்தால் அந்தச் சுவரையே வலுவிழக்கச் செய்கிறீர்கள். டிராப்பை இன்னும் ஆறு அங்குலம் இறக்கி, பெல்ட்டுக்கு அடியில் கருங்கல் கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை மட்டும் பெயர்த்துக் குழாயை வெளியே கொண்டுவாருங்கள். தரை 21 அங்குல உயரத்தில் இருப்பதால் அப்போதும் குழாய் சந்தின் மட்டத்துக்கு மேலேதான் வெளிப்படும். கல்லைச் சுத்தியலால் அடித்துப் பெயர்க்காமல் உளி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தின் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.